ஒரு ஸ்டாண்டு சாய்ந்தால் நான்கு பில்: மூன்று நாள் படப்பிடிப்பின் காப்பீட்டுக் கணக்கு

நியூயார்க்கில் ஒரு குறும்படக் குழு உணவகத்தையோ அரங்கத்தையோ வாடகைக்குக் கேட்டால், உரிமையாளர் பெரும்பாலும் முதலில் கேட்பது காப்பீட்டுச் சான்றிதழைத்தான். அதில் இருக்க வேண்டிய எண் கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் ஒன்றே: ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர். கேமரா வாடகைக்குக் கொடுக்கும் கடையும் சான்றிதழ் கேட்கிறது. ஆனால் அது கேட்பது வேறொரு பாலிசியின் சான்றிதழ். இரண்டையும் ஒன்றென்று எண்ணி, ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு படப்பிடிப்புக்குப் போகும் சிறு குழுக்கள் உண்டு. 10 லட்சத்துக்குக் காப்பீடு இருக்கும்போது 20,000 டாலர் லென்ஸுக்கு என்ன பயம் என்பது அவர்கள் நினைப்பு. அந்த 10 லட்சத்திலிருந்து லென்ஸுக்கு ஒரு டாலர்கூட வராது. ஏன் வராது, லென்ஸுக்கு எது தரும், எந்தக் காகிதத்தை யார் எப்போது கேட்பார்கள் என்பதை ஒரு மாதிரிக் குழுவின் கணக்கோடு பார்க்கலாம்.

நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் வார இறுதிகளில் குறும்படம் எடுக்கும் தமிழ் நண்பர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். கீழே வரும் விலைகளும் பிரீமியமும் கணக்கைப் புரியவைக்க எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள். பாலிசி வரம்புகளும் விதிகளும் அங்கே நடப்பில் உள்ளவை.

10 லட்சம் டாலர் யாருக்கு?

இடத்தின் உரிமையாளர் கேட்பது பொதுப் பொறுப்புக் காப்பீடு. நம் வேலையால் வெளியாள் ஒருவர் காயப்பட்டாலோ, அவருடைய பொருள் சேதமானாலோ, அதற்கு நாம் தர வேண்டிய இழப்பீட்டை நிறுவனம் தரும். வழக்கு வந்தால் வக்கீல் செலவையும் ஏற்கும். சிறு படப்பிடிப்புகளுக்கு வழக்கமாகத் தரப்படும் வரம்புகள் இவை:

- ஒரு சம்பவத்துக்கு: 10,00,000 டாலர்
- பாலிசிக் காலம் முழுமைக்கும் மொத்தம்: 20,00,000 டாலர்
- வாடகைக்கு எடுத்த கட்டடத்துக்கு நேரும் சேதம்: 1,00,000 டாலர்
- காயப்பட்ட வெளியாளின் மருத்துவச் செலவு, தலைக்கு: 5,000 டாலர்

கடைசி வரியில் ஒரு தனித்தன்மை உண்டு. தவறு யாருடையது என்று முடிவாகும்வரை காத்திராமல் அந்த 5,000 டாலர் வரைக்குமான மருத்துவ பில்லை நிறுவனம் கட்டிவிடும். சின்னக் காயம் பெரிய வழக்காக வளராமல் தடுப்பதே அதன் நோக்கம்.

இந்தப் பாலிசி எதற்குத் தராது என்பது அதைவிட முக்கியம். நம் பொறுப்பில், நம் கையில், நம் கட்டுப்பாட்டில் இருக்கும் பிறர் பொருளுக்குத் தராது. வாடகைக் கேமரா அந்த நொடியில் நம் பொறுப்பில் இருக்கிறது, ஆகவே அது விலக்கு. நம் சொந்தப் பொருளுக்கும் தராது. நம்மிடம் வேலை செய்பவரின் காயத்துக்கும் தராது. சாலையில் ஓடும் வண்டியால் வரும் விபத்துக்கும், டிரோன் உட்படப் பறக்கும் எதனாலும் வரும் சேதத்துக்கும் தராது. இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பாலிசி இருக்கிறது. கட்டடத்தின் உரிமையாளருக்கும் வழிப்போக்கருக்கும் நம்மால் நேரக்கூடிய கேடு மட்டுமே இதன் வேலை. அதனால்தான் அவர் அதைக் கேட்கிறார்.

10 லட்சம் என்பது நிறுவனம் தரும் தொகைக்குத்தான் எல்லை, நம் பொறுப்புக்கு எல்லை அல்ல. 2014 பிப்ரவரி 20 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ‘மிட்நைட் ரைடர்’ படக்குழு ஒரு ரயில் பாலத்தின்மேல் காட்சி எடுத்துக்கொண்டிருந்தது. தண்டவாளத்தில் எடுக்க ரயில் நிறுவனத்தின் அனுமதி இல்லை. ரயில் வந்தது. கேமரா உதவியாளர் சாரா ஜோன்ஸ் இறந்தார். அவருக்கு வயது 27. படத்தின் இயக்குநர் 2015இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் குடிமை வழக்கில் ஜூரி கணக்கிட்ட இழப்பீடு 1 கோடியே 12 லட்சம் டாலர். ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் என்ற வரம்பைப் போல 11 மடங்குக்கும் மேல். உயிரை ஈடுசெய்யும் பாலிசி எதுவும் இல்லை. தண்டவாளம், துப்பாக்கி, தீ, உயரம், நீர் ஆகியவை காட்சியில் இருந்தால், சிறு குழுக்களுக்கு விற்கப்படும் சாதாரணப் பாலிசி அவற்றை விலக்கியிருக்கும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.

யார், எப்போது கேட்பார்கள்?

முதலில் நகர நிர்வாகம். நியூயார்க் நகரத்தில் பொது இடத்தில் படமெடுக்க அனுமதி தேவைப்படும் வேலை என்றால், ஒரு சம்பவத்துக்குக் குறைந்தது 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு வேண்டும். நகரத்தின் பெயரும் காப்புப் பெறுபவராக அதில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் அனுமதிகளைக் கவனிக்கும் ஃபிலிம்எல்ஏ அமைப்பும் 10 லட்சத்திலிருந்துதான் தொடங்குகிறது. சண்டைக்காட்சியோ வானூர்தியோ இருந்தால் எண் ஏறும்.

கேட்காத இடங்களும் உண்டு. நியூயார்க்கில் கையில் பிடித்த கேமராவோடு, நடைபாதையை மறிக்காமல், வண்டி நிறுத்த இடம் கேட்காமல், எந்தப் பகுதியையும் நமக்கென்று ஒதுக்கிக்கொள்ளாமல் எடுத்தால் அனுமதியே தேவையில்லை. முக்காலியும் கையடக்கக் கருவியாகவே கணக்கிடப்படுகிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2025 ஜனவரியில் வந்த சட்டத்தின்படி, 6 பேருக்குக் குறைவான குழு மற்ற பார்வையாளர்களுக்கு இடையூறு இல்லாமல் எடுத்தால் பொதுவாக அனுமதியும் கட்டணமும் இல்லை. அனுமதி வேண்டாத இடத்தில் சான்றிதழ் கேட்க ஆள் இருக்க மாட்டார். ஆனால் நம் முக்காலியில் ஒருவர் தடுக்கி விழுந்தால் பொறுப்பு நம்முடையதுதான்.

அடுத்து தனியார் இடங்கள். அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், தேவாலய அரங்கம், அலுவலகக் கட்டடம் ஆகியவை அநேகமாகக் கேட்கும். மன்ஹாட்டனில் பல கட்டடங்களில் சரக்கு லிஃப்டைப் பயன்படுத்தவே சான்றிதழ் வேண்டும். வீடு மாற்றுபவரிடமும் அங்கே அதைக் கேட்கிறார்கள். பெரிய கட்டடங்கள் 10 லட்சத்தோடு நிற்பதில்லை. 20 லட்சமோ 50 லட்சமோ கேட்டால், அடிப்படைப் பாலிசியின் மேல் கூடுதல் வரம்புப் பாலிசி ஒன்றை அடுக்க வேண்டியிருக்கும். சின்ன உணவகத்தின் உரிமையாளர் தானாகக் கேட்காமல் விடலாம். அவருடைய கட்டட முதலாளி, குத்தகை ஒப்பந்தத்தில் எழுதிவைத்த வரியைக் காட்டிக் கேட்பார். ஆகவே உணவகத்தின் சம்மதம் கிடைத்ததும், அந்தக் கட்டடம் யாருடையது என்று அன்றே விசாரித்துவிடுவது நல்லது. படப்பிடிப்புக்கு முந்தின நாள் மாலையில் கட்டட நிர்வாகி 50 லட்சம் கேட்டால் அந்த இடம் கைநழுவிப் போகும்.

மூன்றாவது, கருவி வாடகைக் கடை. சான்றிதழ் வராமல் கேமரா கடையைவிட்டு வெளியே போகாது.

பெட்டிக்குள் இருப்பதன் மதிப்பு

மாதிரிக் குழுவை இப்போது எடுத்துக்கொள்வோம். 8 பேர், 3 நாள், ஒரு உணவகம், ஓர் அரங்கம், ஒரு தெரு. மொத்தச் செலவுத் திட்டம் 12,000 டாலர். வாடகைக்கு எடுக்கும் கருவிகளைப் புதிதாக வாங்கினால் ஆகும் விலை:

- கேமரா உடல்: 6,000
- சினிமா லென்ஸ் 5 கொண்ட செட்: 20,000
- மானிட்டரும் கம்பியில்லாப் படக் கருவியும்: 5,500
- முக்காலி, கிம்பல்: 4,500
- எல்இடி விளக்குகளும் ஸ்டாண்டுகளும்: 7,000
- ஒலிப்பதிவுக் கருவி, மைக்குகள்: 6,000
- பேட்டரி, கார்டு, கேபிள்: 3,000
- மொத்தம்: 52,000 டாலர்

இதற்கு 3 நாள் வாடகை 2,400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காப்பீடு வாங்கும்போது பார்க்க வேண்டியது வாடகையை அல்ல, 52,000ஐ. கடை தரும் பொருள் பட்டியலில் ஒவ்வொன்றின் எதிரிலும் மாற்று விலை அச்சிட்டிருக்கும். அந்தக் கூட்டுத்தொகைதான் பாலிசியின் அடித்தளம். ஒலிக் கருவி வேறு கடையிலிருந்து வந்தாலும், நண்பரிடமிருந்து இரவல் வந்தாலும், அதையும் சேர்க்க வேண்டும். பிறர் பொருள் எதுவாயினும் அது வாடகைக் கருவிக் கணக்கில் வரும். ஒளிப்பதிவாளர் தன் சொந்த லென்ஸைக் கொண்டுவந்தால், அது அவருடைய பாலிசியிலா நம்முடையதிலா என்று புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாடகைக் கருவிக்கும் சொந்தக் கருவிக்கும் பாலிசியில் தனித்தனி வரி இருக்கும்.

நாள் கணக்கிலும் ஒரு கவனம் வேண்டும். படப்பிடிப்பு வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் கருவியை வியாழனன்று எடுக்கிறோம், திங்களன்று திருப்பித் தருகிறோம். 3 நாள் படப்பிடிப்புக்கு வேண்டியது 5 நாள் பாலிசி. வியாழன் இரவும் ஞாயிறு இரவும் 52,000 டாலர் பொருள் யாரோ ஒருவர் வீட்டிலோ வண்டியிலோ இருக்கிறது. திருட்டுக்கு இடம் கொடுக்கும் இரவுகள் அவை.

ஸ்டாண்டு சாய்ந்த நொடி

முதல் நாள், உணவகம். சுவரோரம் நிற்கும் லைட் ஸ்டாண்டின் காலில் மணல்மூட்டை வைக்கவில்லை. ஒருவர் கேபிளில் கால் பட்டு இழுக்க, ஸ்டாண்டு சாய்கிறது. பார்சல் வாங்க வந்த வாடிக்கையாளரின் தோளில் விளக்கின் விளிம்பு படுகிறது. உணவகத்தின் கண்ணாடி அலமாரி நொறுங்குகிறது. விளக்கு உடைகிறது. அதைப் பிடிக்கப் பாய்ந்த நம் உதவியாளருக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொள்கிறது. நடந்தது ஒரு விபத்து, வந்தது நான்கு பில்:

- வாடிக்கையாளரின் மருத்துவச் செலவு: 3,800
- கண்ணாடி அலமாரி: 6,500
- வாடகை விளக்கு: 1,800
- உதவியாளரின் மருத்துவச் செலவு: 2,200
- மொத்தம்: 14,300 டாலர்

முதல் பில் 5,000க்குள் இருப்பதால், பொறுப்புப் பாலிசியின் மருத்துவச் செலவு வரியிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது பில்லில் ஒரு நுட்பம் இருக்கிறது. உணவகம் அன்று நம் வாடகையில் இருக்கிறது. நம் பொறுப்பில் உள்ள பொருள் விலக்கு என்றால் அலமாரியும் விலக்குதானே என்று தோன்றும். அமெரிக்காவில் பெரும்பாலான நிறுவனங்கள் பயன்படுத்தும் பொதுப் பொறுப்புப் பாலிசியின் நிலையான வாசகத்தில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தொடர்ச்சியாக 7 நாளோ அதற்குக் குறைவாகவோ வாடகைக்கு எடுத்த இடத்துக்கும், அங்குள்ள பொருள்களுக்கும் நேரும் சேதத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. வாடகைக் கட்டடத்துக்கான 1,00,000 டாலர் வரம்புக்குள் அது ஏற்கப்படும். ஒரே உணவகத்தை 8 நாள் சேர்ந்தாற்போல் எடுத்தால், தீயைத் தவிர மற்ற சேதங்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும். நீண்ட படப்பிடிப்புகள் இதற்காகவே ‘மூன்றாம் நபர் சொத்துச் சேதம்’ என்ற தனிக் காப்பை வாங்குகின்றன. மலிவான குறுகிய காலப் பாலிசிகள் சிலவற்றில் இந்த விதிவிலக்கையே திருத்தப் பத்திரம் ஒன்றால் நீக்கியிருப்பார்கள். ஆகவே ‘7 நாள்’ வரி நம் பாலிசியில் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது பில் கருவிப் பாலிசிக்குப் போகிறது. அதில் ஒவ்வொரு இழப்புக்கும் முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை ஒன்று உண்டு. டிடக்டிபிள் என்பார்கள். 1,000, 1,500, 2,500 ஆகியவை வழக்கமான எண்கள். நம் குழுவுக்கு 1,500 என்றால், 1,800 டாலர் விளக்குக்குக் கிடைப்பது 300 டாலர். கருவிப் பாலிசி பெரிய இழப்புக்காக இருப்பது. உடைந்த வடிகட்டிக்கும் வளைந்த ஸ்டாண்டுக்கும் செலவுத் திட்டத்தில் 1,500 டாலரைத் தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும்.

நான்காவது பில்லை இரண்டு பாலிசியும் தொடாது. உதவியாளர் நம் தொழிலாளி. அவருக்கு உரியது தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. நியூயார்க்கில் கிட்டத்தட்ட எல்லா முதலாளிகளுக்கும் அது கட்டாயம். எடுக்காத ஒவ்வொரு 10 நாளுக்கும் 2,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். சிறு குழுக்கள் பலவும் சம்பளத்தைப் பட்டியலிட்டுத் தரும் சேவை நிறுவனத்தின் வழியே ஆள்களைச் சேர்த்து, அந்த நிறுவனத்தின் காப்பீட்டுக்குள் அவர்களைக் கொண்டுவருகின்றன. நாள்கூலிக்கு வருபவரை ஒப்பந்தக்காரர் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது. யார் சொன்ன நேரத்தில், யார் சொன்னபடி வேலை செய்தார் என்றுதான் சட்டம் பார்க்கும்.

கணக்கை மூடுவோம்:

- பொறுப்புப் பாலிசி தந்தது: 10,300
- கருவிப் பாலிசி தந்தது: 300
- தொழிலாளர் காப்பீடு தந்தது: 2,200
- நம் கையிலிருந்து: 1,500

மூன்று காப்பும் இருந்ததால் 14,300இல் கையைவிட்டுப் போனது 1,500. உணவகம் கேட்ட பாலிசியை மட்டும் வைத்திருந்தால் போயிருக்கக்கூடியது 4,000.

லென்ஸ் பெட்டி போன இரவு

இரண்டாம் நாள் இரவு, வண்டியின் கண்ணாடியை உடைத்து லென்ஸ் பெட்டியைத் திருடிவிடுகிறார்கள். 20,000 டாலர். எந்தப் பாலிசி வாங்கியிருந்தோம் என்பதைப் பொறுத்து மூன்று விதமான முடிவுகள்.

முதல் வகை, புதிதாக வாங்கும் விலையில் முழு மதிப்புக்கும் எடுத்த பாலிசி. 20,000இல் டிடக்டிபிள் 1,500 போக 18,500 வரும்.

இரண்டாவது, தேய்மானம் கழித்துத் தரும் பாலிசி. லென்ஸ் 4 ஆண்டு பழையது, இன்றைய மதிப்பு 12,000 என்று மதிப்பீட்டாளர் சொன்னால், 1,500 போக 10,500 வரும். கடையோ ஒப்பந்தப்படி 20,000 கேட்கும். பற்றாக்குறை 9,500.

மூன்றாவது, பிரீமியம் குறையட்டும் என்று 52,000க்குப் பதில் 35,000க்கு மட்டும் எடுத்த பாலிசி. போனது 20,000தானே, 35,000க்குள் அடங்குகிறதே என்று தோன்றும். பாலிசியில் ‘கோஇன்ஷூரன்ஸ்’ விதி 100 சதவீதம் என்று இருந்தால் அப்படி அடங்காது. எடுக்க வேண்டிய மதிப்பில் எந்தப் பங்குக்கு எடுத்தோமோ, இழப்பிலும் அந்தப் பங்கைத்தான் தருவார்கள். 35,000ஐ 52,000ஆல் வகுத்து 20,000ஆல் பெருக்கினால் 13,462. அதில் 1,500 போனால் 11,962. நம் கையிலிருந்து 8,038 டாலர். இந்த விதி எல்லாப் பாலிசியிலும் இல்லை. இருக்கும் பாலிசியில் மதிப்பைக் குறைத்துச் சொல்வது பெரிய நஷ்டம்.

இதற்கு மேல் கடையின் இன்னொரு பில் வரும். லென்ஸ் இல்லாத நாள்களில் அதை வேறொருவருக்கு வாடகைக்கு விட முடியவில்லை என்பதற்கான இழப்பு அது. லென்ஸ் செட்டின் நாள் வாடகை 250, வாரத்துக்கு 3 நாள் வாடகை என்பது தொழிலின் பொதுவான வழக்கங்களில் ஒன்று. புது செட் வர 3 வாரம் ஆனால் 2,250 டாலர். பயன்பாட்டு இழப்பு என்று பாலிசியில் தனி வரி இருந்தால்தான் இதை நிறுவனம் தரும். கடையின் ஒப்பந்தத்தில் அந்தக் கடமை இருந்து, பாலிசியில் அந்த வரி இல்லையென்றால், 2,250ம் நம் கணக்கு.

திருட்டு நடந்தது உண்மையாக இருந்தும் கிளெய்ம் நிராகரிக்கப்படும் வழிகள் சில உண்டு. ஆளில்லாத வண்டியில் வைத்த பொருளுக்கு, வண்டி பூட்டியிருந்ததற்கும் உடைத்து நுழைந்ததற்கும் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் வேண்டும் என்று பல பாலிசிகள் கேட்கும். சில பாலிசிகள் ஆளில்லாத வண்டியையே விலக்கிவிடும். கணக்கெடுக்கும்போது ஒரு பொருள் குறைகிறது, எப்போது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், அதையும் பலர் ஏற்பதில்லை. ஏமாற்றுக்காரர் ஒருவர் கடைக்காரரின் ஆள் என்று சொல்லி வந்து, நாமே பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டால் அது ‘விரும்பிக் கைமாற்றியது’ என்ற விலக்கில் விழும். ஆகவே உடைந்த கண்ணாடியை அகற்றுவதற்கு முன் படமெடுக்க வேண்டும். காவல்துறை அறிக்கையில் லென்ஸ் ஒவ்வொன்றின் தொடர் எண்ணும் ஏற வேண்டும். அந்த எண்கள் கடையின் பட்டியலில் இருக்கின்றன. வியாழனன்று பொருளை எடுக்கும்போதே பட்டியலைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் படமெடுத்து வைத்திருந்தால், சனிக்கிழமை இரவு தேடவேண்டியதில்லை.

சான்றிதழின் நான்கு இடங்கள்

அமெரிக்காவில் பொறுப்புக் காப்பீட்டுக்குத் தரப்படும் சான்றிதழ் பெரும்பாலும் அக்கார்ட் 25 என்ற ஒரு பக்கப் படிவம். இது தகவலுக்காக மட்டுமே தரப்படுகிறது, இதை வைத்திருப்பவருக்கு இதனால் எந்த உரிமையும் வந்துவிடாது என்று அதன் தலைப்பகுதியிலேயே அச்சிட்டிருக்கும். உரிமையைத் தருவது பாலிசியும் அதோடு இணைக்கும் திருத்தப் பத்திரமும்தான். இடத்தின் உரிமையாளர் திருப்பி அனுப்பும் சான்றிதழ்கள் அநேகமாக இந்த நான்கு இடங்களில் சறுக்கியவை:

முதலாவது, கீழே இடப்பக்கம் உள்ள பெறுபவர் பெட்டி. உணவகத்தின் பலகையில் உள்ள பெயர் போதாது. பதிவான கம்பெனிப் பெயரும் முகவரியும் ஒப்பந்தத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

இரண்டாவது, ADDL INSD என்ற சின்னக் கட்டம். உரிமையாளர் கூடுதலாகக் காப்புப் பெறுபவர் என்பதற்கான அடையாளம் இது. பெறுபவர் பெட்டியில் பெயர் இருந்தால் அவர் சான்றிதழைப் பெறுகிறார், அவ்வளவுதான். வழக்கு அவர்மேல் வரும்போது நிறுவனம் அவருக்காகவும் வாதாட வேண்டுமென்றால் இந்தக் கட்டம் நிரம்பியிருக்க வேண்டும், அதற்கான திருத்தப் பத்திரமும் பாலிசியில் இருக்க வேண்டும். பெரிய கட்டடங்கள் பத்திரத்தின் நகலையே கேட்கும்.

மூன்றாவது, பக்கத்தில் உள்ள SUBR WVD கட்டம். இழப்பீட்டைக் கொடுத்த நிறுவனம், பிறகு கட்டட உரிமையாளர்மேல் பாய்ந்து பணத்தை மீட்க முயலாது என்று உரிமையைக் கைவிடும் ஒப்புதல் இது. சில பாலிசிகளில் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

நான்காவது, தேதி. பொருள் ஏற்றிவைக்கும் நாளும், அரங்கத்தை ஒழுங்குபடுத்தித் திருப்பித் தரும் நாளும் உள்ளே வர வேண்டும்.

கருவிக் கடைக்குப் போகும் சான்றிதழில் இன்னொரு வரி தேவை. கருவி போனால் பணம் கடையின் பெயருக்கு வர வேண்டும் என்பதற்காக, கடையை இழப்பீட்டுத் தொகை பெறுபவராகச் சேர்க்க வேண்டும். பொறுப்புப் பாலிசியில் கடை கூடுதல் காப்புப் பெறுபவர், கருவிப் பாலிசியில் பணம் பெறுபவர். இரண்டையும் கேட்கும் கடைக்கு ஒன்றை மட்டும் அனுப்பினால் வியாழனன்று கேமரா கைக்கு வராது.

என்ன விலை?

மாதிரிக் குழுவின் 5 நாள் பாலிசிக்கு இப்படி ஒரு விலை வந்ததாகக் கொள்வோம்:

- பொறுப்புக் காப்பு, 10 லட்சம் மற்றும் 20 லட்சம்: 400
- வாடகைக் கருவி, 75,000 வரை: 350
- வாடகை வண்டியால் வரும் பொறுப்பு: 150
- மொத்தம்: 900 டாலர்

12,000 டாலர் திட்டத்தில் இது 7.5 சதவீதம். மூன்று படப்பிடிப்பு நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 300. தொழிலாளர் காப்பீடு சம்பளச் சேவையின் கட்டணத்தில் தனியாக வரும்.

கருவிக் கடையே ஒரு மாற்று வழி தரும். வாடகையின் மேல் ஒரு சதவீதம் கட்டினால் சேதத்தைப் பொறுத்துக்கொள்வோம் என்பார்கள். 12 சதவீதம் என்றால் 2,400க்கு 288 டாலர். கருவிக் காப்பின் 350ஐவிட மலிவு. ஆனால் அது காப்பீடு அல்ல, கடை நமக்குத் தரும் சலுகை ஒப்பந்தம். திருட்டை விலக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. வேறு கடையின் ஒலிக் கருவிக்கு அது பொருந்தாது. உணவக உரிமையாளரிடம் அதைக் காட்டவும் முடியாது. உள்ளரங்கில் ஒரே நாள், ஒரே கடையின் பொருள், இரவில் பூட்டிய கடைக்கே திரும்பிவிடும் என்றால் 288 போதுமானதாக இருக்கலாம். இரவில் பொருள் நம்மிடம் தங்கும் படப்பிடிப்புக்கு 350தான் சரி.

ஆண்டுப் பாலிசி 2,000 டாலருக்குக் கிடைத்தால், ஆண்டுக்கு இரண்டு படப்பிடிப்பு எடுப்பவருக்கு 1,800 போதும். மூன்றாவது எடுத்தால் 2,700 ஆகிவிடும், ஆண்டுப் பாலிசியே இலாபம். ஆண்டுப் பாலிசி கையில் இருந்தால் புது இடத்துக்கான சான்றிதழும் சீக்கிரம் கிடைக்கும்.

விலை விசாரிக்க புரோக்கரை அழைக்கும்போது மூன்று காகிதங்கள் கையில் இருக்கட்டும்: கடையின் மாற்று விலைப் பட்டியல், இட ஒப்பந்தத்தின் காப்பீட்டுப் பத்தி, எடுக்கும் நாளிலிருந்து திருப்பித் தரும் நாள் வரையான தேதிகள். பிறகு நான்கு கேள்விகள். புதிய விலையில் தருவார்களா? பயன்பாட்டு இழப்பு உண்டா? ஆளில்லாத வண்டியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? 7 நாள் விதிவிலக்கு அப்படியே இருக்கிறதா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு பிரீமியத்தை ஒப்பிட வேண்டும். இரண்டு பாலிசிகளின் விலையில் 100 டாலர் வித்தியாசம் இருந்தால், லென்ஸ் கணக்கில் பார்த்த 9,500 டாலர் பள்ளம் அந்த நான்கு பதில்களில் ஒன்றில்தான் இருக்கும்.